ரெண்டு ஷேர் நல்லா ஏறியும் இண்டெக்ஸ விட பின்னாடி இருக்கேன், எப்படி?

கேள்வி: சார், மாசாமாசம் சம்பளத்துல கொஞ்சம் ஒதுக்கி மூணு வருஷமா நானே அஞ்சு ஷேர் பார்த்து வாங்கிட்டு வர்றேன். அஞ்சும் பெரிய கம்பெனி, அஞ்சும் இண்டெக்ஸ்ல இருக்குற கம்பெனி. ரெண்டு நல்லாவே ஏறிருக்கு, ரெண்டு அப்படியே கிடக்கு, ஒண்ணு பாதியா போச்சு. மொத்தமா கூட்டிப் பார்த்தா இண்டெக்ஸ் ஏறின அளவு கூட நான் ஏறல. அதே கம்பெனிங்கள தான நானும் வாங்கினேன், அப்புறம் ஏன்? ஃப்ரெண்டு ஒருத்தன் பேசாம இண்டெக்ஸ் ஃபண்டுல போடுங்கிறான். ஆனா அது வெறும் சராசரி தானே, சராசரி கிடைக்கவா இவ்ளோ நாள் உக்காந்து படிச்சேன்? அப்புறம், அதுக்கு மாறினா கையில இருக்குற அஞ்சு ஷேர என்ன பண்றது?

பதில்:

உங்க கடுப்பு "சராசரி"ங்கிற அந்த வார்த்தைல தான் இருக்கு, அதனால அங்கருந்தே வரேன். நம்ம எல்லாருக்கும் சராசரின்னா பள்ளிக்கூட மார்க் தான் ஞாபகம் வரும், பாதி பசங்க மேல பாதி பசங்க கீழன்னு. ஷேர்ல அப்படி இல்லங்க. ஷேர்ல சராசரிக்கு மேல போறவங்க கொஞ்ச பேரு, கீழ கிடக்குறவங்க நிறைய பேரு. இது ஒண்ணு மனசுல உக்காந்துட்டா நீங்க கேட்ட மத்த எல்லாத்துக்கும் பதில் அதுலயே வந்துடும்.

ஒரு சின்ன கணக்கு போட்டு பார்ப்போம், கற்பனை தான். ஒரு சந்தைல பத்தே பத்து கம்பெனி இருக்குன்னு வைங்க. ஒவ்வொண்ணுலயும் 100 போட்டா மொத்தம் 1000. இருபது வருஷம் கழிச்சு பார்க்குறோம். ஒண்ணு மூடிட்டு போயிடுச்சு, சைபர். மத்ததெல்லாம் 60, 80, 110, 120, 150, 180, 250, 450ன்னு நிக்குது. கடைசி ஒண்ணு மட்டும் 1600 ஆயிடுச்சு. எல்லாத்தையும் கூட்டினா 3000. அதாவது பத்தையும் வாங்கி பேசாம வச்சிருந்தவனுக்கு பணம் மூணு மடங்கு, ஒரு கம்பெனிக்கு சராசரி 300. இண்டெக்ஸ் ஃபண்டு பண்றதும் இதே தான், பட்டியல்ல இருக்குற எல்லாத்தையும் வாங்கி பேசாம வச்சுக்கும்.

இப்போ அந்த 300ஐ தாண்டின கம்பெனி எத்தனைன்னு எண்ணுங்க. 450 ஒண்ணு, 1600 ஒண்ணு, அவ்ளோ தான். பத்துல எட்டு சராசரிக்கு கீழ. இருநூத்தம்பது ஆனது கூட, ரெண்டரை மடங்கு ஏறி அத வச்சிருக்கவன் ஊரெல்லாம் சொல்லிட்டு திரியுற ஷேர் கூட, சராசரிய தொடல. உங்க "நல்லாவே ஏறின" ரெண்டும் எனக்கென்னவோ இந்த ரகமா இருக்கும்னு தோணுது. ஏறிருக்கு, ஆனா மொத்த சந்தைய தூக்கிட்டு போன ஷேர் அது இல்ல.

அடுத்தது, இந்த பத்துல மூணே மூண தேர்ந்தெடுத்து சமமா பணம் போடுறவங்க கதைய பாருங்க. பத்துல மூணு எடுக்க மொத்தம் 120 விதம் இருக்கு. 120 பேரு ஆளுக்கு ஒரு விதமா எடுக்குறாங்கன்னு வைங்க. அந்த 1600 யார் கையில இருக்கோ அவங்க எல்லாரும் இண்டெக்ஸ ஜெயிச்சுடுவாங்க, கூட இருக்குற மத்த ரெண்டும் என்ன கழுதையா இருந்தாலும் பரவால்ல. அவங்க 36 பேரு. மிச்சம் 84 பேரு கையில அது இல்ல. அந்த 84 பேர்ல ரொம்ப சமர்த்தான ஆளு மத்ததுல மிக நல்ல மூணையும் எடுத்திருப்பாரு, 450, 250, 180. கூட்டினா 880, மூணால வகுத்தா 293. அவரு கூட 300ஐ தொடல! நூத்துக்கு எழுபது பேரு இண்டெக்ஸுக்கு பின்னாடி, அதுவும் யாரும் எந்த முட்டாள்தனமும் பண்ணாம. 120 பேரோட சராசரிய எடுத்தா மட்டும் கரெக்டா 300 தான் வரும், ஏன்னா அந்த 36 பேரு மலை மாதிரி சம்பாதிச்சு மத்தவங்க பள்ளத்த மூடிடுறாங்க. சந்தையோட சராசரி வேற, சந்தைல இருக்குற சராசரி ஆளு வேற.

கற்பனை கணக்கு எப்படி வேணா போடலாம் சார், நிஜத்துல அப்படியான்னு கேப்பீங்க. ஹென்ட்ரிக் பெசெம்பைண்டர்னு ஒரு பேராசிரியர், அமெரிக்க பங்குச்சந்தைல 1926லருந்து 2016 வரைக்கும் இருந்த சுமார் 26,000 கம்பெனி ஷேர எடுத்து ஒவ்வொண்ணும் அதோட ஆயுசுல என்ன குடுத்துச்சுன்னு பார்த்தாரு, 2018ல அது வெளியாச்சு. அந்த தொண்ணூறு வருஷத்துல அரசாங்கத்தோட குறுகிய கால கடன் பத்திரம், அதாவது கிட்டத்தட்ட பேங்க் வட்டி மாதிரி ரிஸ்க் இல்லாத ஒண்ணு, அது குடுத்ததுக்கு மேல சந்தை உருவாக்கின சொத்து மொத்தமும் வெறும் 4 சதவீத கம்பெனிங்க கிட்டருந்து வந்திருக்கு. மிச்சம் 96 சதவீதத்தையும் ஒண்ணா கூட்டினா அந்த கடன் பத்திரத்துக்கு சமம், அவ்ளோ தான். தனித்தனியா பார்த்தா பாதிக்கும் மேல ஷேருங்க தன் ஆயுசுல அந்த கடன் பத்திரத்தையே தாண்டல.

இத வச்சு உங்க அஞ்சு ஷேருக்கு ஒரு தோராய கணக்கு போடலாம். கண்ண மூடிட்டு அஞ்சு எடுத்தா, அந்த 4 சதவீதத்துல ஒண்ணு கூட கையில மாட்டாம போறதுக்கு வாய்ப்பு 80 சதவீதத்துக்கு மேல. ஐம்பது ஷேர் வச்சிருந்தா அது சுமார் 13 சதவீதமா குறையும். எல்லாத்தையும் வச்சிருந்தா சைபர். நீங்க கண்ண மூடிட்டு எடுக்கல, படிச்சு எடுத்தீங்க, ஒத்துக்குறேன். ஆனா நீங்க படிச்ச அதே ரிசல்ட்ட, அதே செய்திய, அத மட்டுமே முழுநேர வேலையா பார்க்குறவங்களும் படிச்சு முடிச்சு அதுக்கேத்த விலைய வச்சதுக்கு அப்புறம் தான் நீங்க வாங்குறீங்க. "நல்ல கம்பெனி"ங்கிறது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னா அது ஏற்கனவே விலைல ஏறி உக்காந்துருக்கும். அதான் பெரிய கம்பெனி, பேரு தெரிஞ்ச கம்பெனின்னு வாங்குறதுல பெருசா ஒரு பாதுகாப்பும் இல்ல.

ஏன் இப்படி ஒரு பக்கமா சாயுதுன்னு காரணம் கேட்டா, ரொம்ப சிம்பிள். ஒரு ஷேர் விழுந்தா அதிகபட்சம் போட்டது போகும், அதுக்கு கீழ போக இடம் இல்ல. ஏறுறதுக்கு மட்டும் கூரை இல்ல. அதோட பெருக்கல் கணக்கு சேருது. 100 ரூபாயோ டாலரோ ஏதோ ஒண்ணு, ஒரு வருஷம் ஒண்ணு 50 சதவீதம் ஏறும் இல்ல 50 சதவீதம் இறங்கும்னு வைங்க, ரெண்டு வருஷம். ரெண்டும் ஏறினா 225. ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கினா 75, இறங்கிட்டு ஏறினாலும் அதே 75. ரெண்டும் இறங்கினா 25. நாலையும் கூட்டி வகுத்தா சராசரி சரியா 100, ஆனா நாலுல மூணு பேரு நஷ்டத்துல. ரெண்டே வருஷத்துல இப்படின்னா இருபது வருஷத்துல எவ்ளோ சாயும்னு நீங்களே யோசிங்க.

சரி, குருட்டு அதிர்ஷ்டத்துல அந்த 1600 உங்க கையில மாட்டிடுச்சுன்னே வைப்போம். இருபது வருஷம் அத விக்காம வச்சிருப்பீங்களா? இங்க தான் நான் என் கதைய சொல்லணும்.

நான் இந்த ஆலோசனை வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, வேலைக்கு சேர்ந்த புதுசுல, ரெண்டு ஷேர் வாங்கினேன். பேரு வேணாம். ஒண்ணு ஒன்றரை வருஷத்துல ரெண்டு மடங்கு ஆச்சு. சந்தோஷம் தாங்கல, "லாபத்த எடுத்துடு, காகிதத்துல இருக்குறது லாபம் இல்ல"ன்னு கூட வேலை பார்த்தவர் சொன்னாரு, வித்துட்டேன். இன்னொண்ணு மூணுல ஒரு பங்கு இறங்கிச்சு. "வாங்குன விலை வரட்டும், வித்துட்டு வெளிய வந்துடலாம்"னு காத்திருந்தேன். அப்புறம் பாதியாச்சு, விலை கம்மியா இருக்கேன்னு இன்னும் கொஞ்சம் வாங்கினேன், சராசரி விலைய குறைக்கிறேன்னு பேரு. கடைசில அது சந்தைலருந்தே நீக்கப்பட்டு போச்சு, விக்கணும்னாலும் வாங்க ஆள் இல்ல. நான் வித்த அந்த மொத ஷேர், நான் வித்த விலைலருந்து அடுத்த பன்னெண்டு வருஷத்துல ஒம்பது மடங்கு போச்சு. அந்த நோட்டு இன்னும் வச்சிருக்கேன், "லாபம்"னு பச்சை மைல எழுதி ரெண்டு கோடு போட்டிருக்கேன் அதுல. இன்னைக்கு அதப் பார்த்தா, என் வாழ்க்கைலயே பெரிய நஷ்டம் அந்த பச்சை மை வரி தான்.

இது என் ஒருத்தன் கோளாறு இல்ல. ஏறினத சீக்கிரம் விக்கிறதும் இறங்கினத கட்டிப்பிடிச்சு வச்சிருக்கிறதும் எவ்ளோ பொதுவான பழக்கம்னா, ஷெஃப்ரின், ஸ்டேட்மேன்னு ரெண்டு பேரு 1985லயே அதுக்கு பேரு வச்சு கட்டுரை எழுதிட்டாங்க. அப்புறம் டெரன்ஸ் ஓடியன் ஒரு புரோக்கர் கிட்ட இருந்த 10,000 கணக்க எடுத்து பார்த்து 1998ல அது நிஜம்னு காட்டினாரு. அதே ஓடியனும் பிராட் பார்பரும் சேர்ந்து 66,465 குடும்பங்களோட கணக்க 1991லருந்து 1996 வரைக்கும் பார்த்தாங்க. சந்தை வருஷத்துக்கு 17.9 சதவீதம் குடுத்த காலம் அது, சராசரி குடும்பத்துக்கு 16.4 கிடைச்சுது, ஆனா அடிக்கடி வாங்கி வித்தவங்களுக்கு 11.4 தான். புரோக்கர் கமிஷனும் வாங்குற விலைக்கும் விக்குற விலைக்கும் நடுவுல போற வித்தியாசமும் தின்னுடுச்சு.

பெருசா ஜெயிக்கிற ஷேர விக்காம வச்சிருக்கிறது எவ்ளோ கஷ்டம்னு ஒரே ஒரு உதாரணம் போதும். அமேசான் 1997ல சந்தைக்கு வந்துச்சு, 1999 கடைசில உச்சத்துக்கு போச்சு, 2001ல அங்கருந்து 90 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு. 100 வச்சிருந்தவன் கையில 10 கூட இல்ல. அந்த நேரத்துல அதே மாதிரி விழுந்த எத்தனையோ இணைய கம்பெனிங்க அப்படியே செத்தும் போச்சு. எது எழும் எது சாகும்னு அன்னைக்கு யாருக்கு தெரியும்? அன்னைக்கு அமேசான விக்காம வச்சிருந்தவன் புத்திசாலி, மத்தத விக்காம வச்சிருந்தவன் ஏமாளின்னு இன்னைக்கு சொல்றோம், ரெண்டு பேரும் பண்ணது ஒரே காரியம் தான்.

இப்போ இண்டெக்ஸ் ஃபண்டு இந்த இடத்துல என்ன பண்ணுதுன்னு பாருங்க. பெரும்பாலான இண்டெக்ஸ் கம்பெனியோட சந்தை மதிப்புக்கு ஏத்த மாதிரி பங்கு குடுக்கும். நம்ம பத்து கம்பெனி கணக்குல 1600 ஆன அந்த கம்பெனி ஆரம்பத்துல பத்துல ஒரு பங்கு, கடைசில 3000ல 1600, பாதிக்கும் மேல. இத பண்ண ஃபண்டு ஒரு ஷேர் கூட புதுசா வாங்க வேண்டியதில்ல, விலை ஏற ஏற பங்கு தானா பெருகுது. செத்த கம்பெனியும் அதே மாதிரி தானா சுருங்கி ஒரு நாள் பட்டியல்லருந்து வெளிய போகுது, அந்த இடத்துக்கு வளர்ந்து வர்ற வேற ஒண்ணு உள்ள வருது. லாபத்த எடுத்துடலாம்ங்கிற அரிப்பும் கிடையாது, வாங்குன விலை வரட்டும்ங்கிற பிடிவாதமும் கிடையாது. அறிவுன்னு ஒண்ணும் பெருசா இல்ல அதுக்கு, நமக்கு இருக்குற ரெண்டு கெட்ட பழக்கம் இல்ல, அவ்ளோ தான். நிறைய சின்ன சேமிப்பாளருங்க அங்க போய் நிக்கிறதுக்கு என்னை கேட்டா இது தான் முக்கிய காரணம். செலவு கம்மின்னு எல்லாரும் சொல்றாங்க, அதுவும் உண்மை தான். வில்லியம் ஷார்ப் 1991ல ஒரு சின்ன கட்டுரைல சொல்லிட்டாரு, தேர்ந்தெடுத்து வாங்குற எல்லாரையும் ஒண்ணா கூட்டினா அவங்களே தான் சந்தை, அதனால செலவுக்கு முன்னாடி அவங்க சராசரி சந்தையோட சராசரி, செலவுக்கு அப்புறம் அதுக்கும் கீழன்னு. மறுத்து பேச முடியாத கணக்கு அது.

ஆனா மாறுறதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. "கூட்டிப் பார்த்தா இண்டெக்ஸ் அளவு ஏறல"ன்னு எழுதிருக்கீங்களே, அத எப்படி ஒப்பிட்டீங்கன்னு எனக்கு தெரியல. மூணு வருஷத்துக்கு முன்னாடி இண்டெக்ஸ் எவ்ளோ, இன்னைக்கு எவ்ளோன்னு பார்த்து, அத உங்க மொத்த லாப சதவீதத்தோட வச்சு பார்த்திருந்தா அது தப்பு. நீங்க மாசாமாசம் போட்டவரு, உங்க பணத்துல பாதிக்கு ஒன்றரை வருஷம் கூட ஆகிருக்காது.

சரியான வழி, ஒரு நிழல் கணக்கு எழுதுறது. நீங்க எந்த தேதில எவ்ளோ போட்டீங்களோ, அதே தேதில அதே பணத்த இண்டெக்ஸ்ல போட்டிருந்தா எத்தனை யூனிட் வந்திருக்கும்னு எழுதணும். மூணே மூணு தவணை வச்சு காட்டுறேன். ஒவ்வொரு தடவையும் 1000 போட்டீங்க. மொத தடவை இண்டெக்ஸ் 100, அப்போ 10 யூனிட். ரெண்டாவது தடவை 80க்கு இறங்கிருந்துச்சு, 12.5 யூனிட். மூணாவது தடவை 125, 8 யூனிட். மொத்தம் 30.5 யூனிட். இன்னைக்கு இண்டெக்ஸ் 120ன்னா கையில 3660 இருந்திருக்கும். உங்க நிஜ ஷேரோட இன்னைய மதிப்பு 3300, வந்த டிவிடெண்டு 60, ஆக 3360. மூணு தவணைல 300 பின்னாடி. இதுல புரோக்கர் கமிஷன், நடுவுல வித்து கட்டின வரி எல்லாத்தையும் உங்க பக்கத்துல கழிச்சுக்கணும், வசதியா மறந்துடக்கூடாது.

இதுல ஒரு பொடி வைக்குற இடம் இருக்கு. டிவில ஓடுற இண்டெக்ஸ் நம்பர் பெரும்பாலும் விலை மட்டும் சேர்ந்தது, டிவிடெண்டு அதுல இல்ல. டிவிடெண்டையும் திரும்ப போட்டா எவ்ளோன்னு காட்டுற இன்னொரு நம்பர் இருக்கும், டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ்னு பேரு, இண்டெக்ஸ் நடத்துறவங்க தளத்துலயே இலவசமா கிடைக்கும். அத எடுத்து போடுங்க. விலை நம்பரோட ஒப்பிட்டு "நான் இண்டெக்ஸ ஜெயிச்சுட்டேன்"னு என்கிட்ட வந்தவங்கள்ல பாதி பேரு இந்த ஒரு மாத்தத்துலயே தோத்து போயிருக்காங்க. வருஷ வட்டி மாதிரி ஒரு சதவீதமா பார்க்கணும்னா ஸ்ப்ரெட்ஷீட்ல ஒரு பத்தில தேதி, பக்கத்து பத்தில போட்ட பணத்த மைனஸ் குறியோட, கடைசி வரில இன்னைய தேதியும் இன்னைய மதிப்பும் மைனஸ் இல்லாம எழுதிட்டு இத அடிங்க:

```
=XIRR(B2:B38,A2:A38)
```

ஷேருக்கு ஒண்ணு, நிழல் கணக்குக்கு ஒண்ணு, ரெண்டு விடை வரும். நடுவுல உள்ள வித்தியாசம் தான் நீங்க உக்காந்து படிச்சதுக்கு சந்தை குடுத்த கூலி, ப்ளஸோ மைனஸோ. மூணு வருஷம் சின்ன காலம், அதனால ப்ளஸா வந்தாலும் துள்ள வேணாம், மைனஸா வந்தாலும் நொந்துக்க வேணாம்.

ஃபண்டு தேர்ந்தெடுக்குறதுல உங்களுக்கு பெரிய வேலை இல்ல, ஆனா ரெண்டு இடத்துல வழுக்கும். மொதல்ல, இண்டெக்ஸ்னு பேரு வச்சதெல்லாம் நான் மேல சொன்ன இண்டெக்ஸ் இல்ல. ஒரே தொழில், ஒரே "தீம்", முப்பது கம்பெனின்னு நறுக்கி அதுக்கும் ஒரு இண்டெக்ஸ் பண்ணி ஃபண்டு விக்கிறாங்க. அது ஷேர் பொறுக்குறது தான், உடுப்பு மட்டும் வேற, அந்த 4 சதவீதம் அந்த நறுக்குக்கு வெளிய இருந்தா உங்களுக்கு ஒண்ணும் இல்ல. எவ்ளோ அகலமா இருக்கோ அவ்ளோ நல்லது. ரெண்டாவது, ஒரே இண்டெக்ஸ பின்தொடர்ற ரெண்டு ஃபண்டு ஒரே ரிட்டர்ன் குடுக்காது. செலவு விகிதம் எவ்ளோன்னு எழுதிருப்பாங்க, அத பாருங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க. டோட்டல் ரிட்டர்ன் இண்டெக்ஸ் ஒரு வருஷத்துல 11.2 சதவீதம் குடுத்து ஃபண்டு 10.9 குடுத்திருந்தா 0.3 எங்கயோ ஒழுகிருக்கு. செலவு விகிதம் 0.2ன்னு எழுதிருந்தாங்கன்னா மிச்சம் 0.1 வாங்கி விக்கிற செலவு, சும்மா ரொக்கமா வச்சிருந்த பணம், இப்படி ஏதோ. மூணு நாலு வருஷம் சேர்த்து பாருங்க, எந்த ஃபண்டு சீரா கம்மியா ஒழுகுதோ அது போதும்.

ஒழுகல்னு சொன்னதும் ஞாபகம் வருது. சாதாரண ஜனங்களுக்கான மொத இண்டெக்ஸ் ஃபண்ட ஜான் போகிள் 1976ல அமெரிக்கால ஆரம்பிச்சப்போ 15 கோடி டாலர் வரும்னு எதிர்பார்த்தாங்க, வந்தது 1.13 கோடி. எஸ் அண்ட் பி 500ல இருக்குற 500 கம்பெனியையும் சரியான அளவுல வாங்க அந்த பணம் பத்தல, ஒரு பகுதிய மட்டும் வாங்கி ஓட்டினாங்க. "போகிளோட முட்டாள்தனம்"னே அதுக்கு பேரு வச்சாங்க. ஃபண்டு சின்னதா இருந்தா ஏன் இண்டெக்ஸோட ஒட்டிப் போக கஷ்டப்படும்ங்கிறதுக்கு இதுவே போதும்.

இதெல்லாம் படிச்சிட்டு இண்டெக்ஸ் ஃபண்டுன்னா நஷ்டமே வராதுன்னு நினைச்சுடாதீங்க, உங்க ஃப்ரெண்டு இத சொன்னாரான்னு தெரியல. ஒரு கம்பெனி கவுந்தா உங்க பணம் கவுறாது, அந்த ரிஸ்க் தான் போகுது. மொத்த சந்தையும் கவுந்தா நீங்களும் கூடவே கவுறுவீங்க. 2007 அக்டோபர்லருந்து 2009 மார்ச்சுக்குள்ள எஸ் அண்ட் பி 500 சுமார் 57 சதவீதம் விழுந்துச்சு. ஜப்பானோட நிக்கெய் 225, 1989 கடைசில தொட்ட உச்சத்த திரும்ப தாண்ட 2024 பிப்ரவரி வரைக்கும் ஆச்சு, 34 வருஷம். டிவிடெண்டையும், நடுவுல கீழ இருக்கும்போது மாசாமாசம் வாங்கினதையும் சேர்த்தா அவ்ளோ மோசம் இல்ல தான், ஆனா 1989ல மொத்தமா கொண்டு போய் போட்டவன்கிட்ட இத சொன்னா அடிக்க வருவான். ஒரே நாட்டு சந்தைல எல்லாத்தையும் வைக்காம இருக்க வசதி இருந்தா பயன்படுத்திக்கோங்க. அஞ்சாறு வருஷத்துக்குள்ள தேவைப்படுற பணத்த இதுல போடவே போடாதீங்க, அதுக்கு வேற இடம் இருக்கு.

கடைசியா அந்த அஞ்சு ஷேர். நாளைக்கே எல்லாத்தையும் வித்துட்டு ஓட வேண்டாம். மொதல்ல மாசத் தவணைய மட்டும் ஃபண்டுக்கு திருப்புங்க, அதுல யோசிக்க ஒண்ணும் இல்ல, அப்படி பண்ணாலே ரெண்டு மூணு வருஷத்துல உங்க மொத்தத்துல அந்த அஞ்சோட பங்கு தானா சுருங்கிடும். விக்கிறதுல வரி வரும், எத்தனை நாள் வச்சிருந்தா எவ்ளோ வரிங்கிறது நாட்டுக்கு நாடு வேற, உங்க ஊர் சட்டத்த பார்த்துட்டு, வரி கம்மியா வர்ற மாதிரி பிரிச்சு பிரிச்சு வித்துக்கலாம். சில இடத்துல நஷ்டத்துல விக்கிறத லாபத்தோட கழிச்சுக்க விடுவாங்க, அப்படி இருந்தா அந்த பாதியா போன ஷேர் தான் மொதல்ல போகணும்.

அத விக்க உங்களுக்கு மனசு வராது, எனக்கு தெரியும். அதனால ஒரு பேப்பர எடுத்து அந்த ஷேர் பேர எழுதி, வாங்குன விலைய எழுதாம, இன்னைய மதிப்பு மட்டும் ரொக்கமா கையில இருக்குன்னு வச்சுக்கிட்டு, இன்னைக்கு இந்த பணத்துல இதே ஷேர வாங்குவேனான்னு கேளுங்க. இல்லன்னு வந்தா வித்துடுங்க. அஞ்சுக்கும் இதே கேள்வி தான், ஏறின ரெண்டுக்கும் சேர்த்து. ஷேர் பார்க்குறது உங்களுக்கு பிடிச்சிருக்குன்னா மொத்தத்துல பத்துல ஒரு பங்க அதுக்குன்னு ஒதுக்கி விளையாடுங்க, தப்பே இல்ல, நானும் கொஞ்சம் வச்சிருக்கேன். ஆனா அந்த நிழல் கணக்க மட்டும் நிறுத்தாம எழுதுங்க, எழுதி ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு XIRR விடையையும் எனக்கு அனுப்புங்க, பார்ப்போம்.